இரண்டு பக்கமும் பூட்டு

பத்திரத்தைப் படித்துக் காட்டும்போது வரிக்கு வரி ‘சரிங்க, சரிங்க’ என்று தலையாட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சலாக வரும். பாதிப் பேருக்குக் காது பக்கத்து டீக்கடையில் இருக்கும். நாலு வருஷம் கழித்து வந்து, ‘ஏனுங்க ரைட்டரு, இப்படியெல்லாமா எழுதி வெச்சிருக்கீங்க?’ என்று என் மேல் பாய்வார்கள். திருப்பூர் சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிரே தகரக் கொட்டகை போட்டுப் பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான். பெயர் கிட்டுசாமி. கோபக்காரன் என்று ஊரில் சொல்வார்கள். கேட்டுக்கொள்ளாதவர்களிடம்தான் கோபம், கேட்கிறவர்களிடம் இல்லை.

சாயிரா பானு கேட்கிறவள். இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு கேள்வி கேட்கிற மனுஷியை நான் பார்த்ததில்லை.

அறுபத்தாறோ அறுபத்தேழோ, ஆனி மாசக் கடைசி. அவளும் அவள் புருஷன் அய்யூப்பும் கொட்டகைக்கு வந்தார்கள். அய்யூப் ஒரு பனியன் கம்பெனியில் பதினாலு வருஷம் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். சொந்தமாகப் பனியன் விற்கிற கடை போட வேண்டுமென்று வேலையை விட்டிருந்தார். சாதுவான மனுஷன், தலையாட்டுகிற ஜாதி. எதிர் பெஞ்சில் கடைக்குச் சொந்தக்காரி பழனாயி அம்மாள். வேலம்பாளையத்துக் கவுண்டச்சி, ஐம்பது வயசு இருக்கும். பிறந்த வீட்டில் கொடுத்த பூமி அவிநாசி ரோட்டோரம் வந்துவிட்டதால், அதில் இரண்டு வருஷத்துக்கு முன் வரிசையாக மூன்று கடை கட்டியிருந்தாள். நடுக்கடைதான் இப்போது பேச்சு. அந்தம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் ஏமாற்ற முடியாது.

“மாசம் எழுவத்தஞ்சு ரூவா வாடகை, பத்து மாச வாடகை அட்வான்சு. பேசியாச்சுங்க ரைட்டரு. எழுதுங்க” என்றாள் பழனாயி.

“பேசினது போதாதுங்க. எழுதப் போறது இன்னதுன்னு அவங்களுக்குத் தெரியோணும்” என்று நான் அய்யூப்பின் பக்கம் திரும்பினேன். “அட்வான்சுங்கறது வாடகை இல்லைங்க. மாசாமாசம் அதுல கழிக்க மாட்டாங்க. மாச வாடகை தனி. அது சும்மா அந்தம்மாகிட்ட இருக்கும். நீங்க காலி பண்ணிச் சாவி கொடுக்கற அன்னைக்குத் திருப்பித் தரோணும்.”

“சரிங்க” என்றார் அய்யூப்.

“முழுசா தருவாங்களா?” என்றாள் சாயிரா பானு.

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. பேனாவை மூடி வைத்தேன். “வாடகை பாக்கி இருந்தா அதைப் புடிச்சுக்குவாங்க. கரண்டு பில்லு பாக்கி இருந்தா அதுவும். செவுத்தை இடிச்சு, தரையை உடைச்சு வெச்சா அந்தச் செலவு.”

“சுண்ணாம்பு மங்கிப் போனா?”

“அது காலத்தால போறது. அதுக்குப் புடிக்கக் கூடாது.”

“அலமாரி அடிக்க ஆணி அடிச்சா?”

“அலமாரி உங்களது. கழட்டிட்டுப் போலாம். ஆணி போன ஓட்டையைப் பூசிக் கொடுத்துப்போட்டுப் போகோணும்.”

அவள் புருஷனைப் பார்த்தாள். “அதையும் எழுதச் சொல்லுங்க.”

இந்த அலமாரிக்குப் பின்னால் ஒரு கதை இருந்தது. அவளே சொன்னாள். போன வருஷம் அய்யூப் வேலையில் இருக்கும்போதே பல்லடம் ரோட்டில் ஒரு கடை பிடித்து அவள் நடத்திப் பார்த்திருக்கிறாள். சுவருக்கு அளவெடுத்து, கூரை வரைக்கும் அலமாரி அடித்திருக்கிறார்கள். எட்டாம் மாசம் கடைச் சொந்தக்காரர் வந்து, தம்பிக்குக் கடை வேண்டும் என்று பதினைந்து நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டார். கையில் இருந்தது பதினொரு மாசப் பேப்பர். அதில் நடுவில் எழுப்பக்கூடாது என்று ஒரு வரி கிடையாது. கழற்றின அலமாரி வேறு எந்தச் சுவருக்கும் பொருந்தவில்லை. விறகுக்குப் போட்டார்கள்.

“இன்னொரு தடவை அப்படி ஆச்சுன்னா இவரு மறுபடி கம்பெனிக்குக் கத்தரி புடிக்கத்தான் போகோணும்” என்றாள். “மூணு வருசத்துக்கு எங்களை எழுப்பக் கூடாதுங்க. அதை எழுதறதா இருந்தாத்தான் கடை.”

பழனாயி நிமிர்ந்து உட்கார்ந்தாள். “இது நல்லா இருக்குதே. மூணு வருசத்துக்கு நீங்க எந்திரிச்சுப் போகக் கூடாது. அதை எழுதறதா இருந்தாத்தான் நான் கடை கொடுப்பேன். போன தடவை வந்தவன் தீவாளி யாவாரம் முடிஞ்ச மக்யா நாளு மூட்டையைக் கட்டிட்டான். ஆறு மாசம் கடை சும்மா கெடந்துது. எலி குட்டி போட்டுது.”

“நாங்க எதுக்குங்க போறோம்? நீங்க எழுப்பாம இருந்தாப் போதும்.”

“நான் எதுக்கு அம்மிணி எழுப்பறேன்? நீ போகாம இருந்தாப் போதும்.”

இப்படியே அரை மணி நேரம். இரண்டு பேருக்கும் வேண்டியது ஒரே சரக்கு. ஆனால் எதிராளி அதைக் கேட்கிறாளே, இதில் ஏதோ சூது இருக்கிறது என்று இரண்டு பேருக்கும் சந்தேகம். அய்யூப் நடுவில் ஒரு முறை ‘சரிங்க’ என்றார். எந்தப் பக்கத்துக்கு என்று தெரியவில்லை. நான் மேஜையைத் தட்டினேன்.

“ரெண்டு பேரும் கேளுங்க. மூணு வருசம் கெடு. அதுக்குள்ள குடியிருக்கறவங்க காலி பண்ணக் கூடாது, சொந்தக்காரங்க காலி பண்ணச் சொல்லக் கூடாது. கதவுக்கு உள்பக்கம் ஒரு பூட்டு, வெளிப்பக்கம் ஒரு பூட்டு. இவங்க கெடுவுக்குள்ள போனா மூணு மாச வாடகையை அட்வான்சுல புடிச்சுக்கிட்டு மிச்சத்தைத் தரோணும். அந்தம்மா எழுப்பினா அட்வான்சை முழுசாத் தந்து, அதுக்கு மேல மூணு மாச வாடகை தெண்டம் தரோணும். வாடகை மூணு மாசம் பாக்கி வெச்சா மட்டும் பூட்டு கிடையாது, எழுப்பலாம். போதுமா?”

இரண்டு பேரும் யோசித்தார்கள். ஒரே பதிலைச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று இரண்டு பேருக்கும் கொஞ்சம் வருத்தம்.

“மூணு வருசம் முடிஞ்சா?” என்றாள் சாயிரா பானு.

“முடியறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி, இன்னும் மூணு வருசம் இருக்கோம்னு நீங்க எழுத்துல கொடுக்கோணும். வாயில சொன்னா செல்லாது. கொடுத்தா, நூத்துக்குப் பத்து வாடகை ஏத்தி அந்தம்மா புதுப்பிச்சுத் தரோணும், மாட்டேன்னு சொல்லக் கூடாது. புதுசா பத்திரம் எழுதிப் பதிவு பண்ணோணும். எழுதிக் கொடுக்க மறந்துபோட்டு அப்படியே உக்காந்திருந்தீங்கன்னா பூட்டு கழண்டு போச்சுன்னு அர்த்தம். மாச வாடகைக் கணக்கு. பதினஞ்சு நாள் நோட்டீசு போதும்.”

பதினைந்து நாள் என்றதும் அவள் முகம் சுருங்கியது. அந்தக் கணக்கு அவளுக்குத் தெரியும்.

“அட்வான்சுக்கு வட்டி?” என்றாள் பழனாயி, என்னைச் சோதிக்கிற மாதிரி.

“கிடையாதுன்னு எழுதறது வழக்கம்.”

“வட்டி எங்களுக்கு ஆகாதுங்க” என்றார் அய்யூப். அன்றைக்கு அவர் தானாகச் சொன்ன முதல் வாக்கியம் அதுதான்.

“அப்ப ரொம்ப நல்லதாப் போச்சு” என்று பழனாயி சிரித்தாள். அதோடு பெஞ்சுகளுக்கு நடுவில் இருந்த முறைப்பு போயிற்று. டீ வாங்கிக் கொடுத்தாள்.

ஒரு வருஷத்துக்கு மேல் போகிற வாடகைப் பத்திரத்தைப் பதிவு செய்தாக வேண்டும், இல்லாவிட்டால் நான் எழுதுகிற பூட்டு காகிதப் பூட்டு என்பதையும் சொன்னேன். பதிவுச் செலவுக்குப் பயந்துதான் எல்லோரும் பதினொரு மாசம், பதினொரு மாசம் என்று எழுதிக்கொள்கிறார்கள். அதைக் கேட்டாலே எனக்குப் பிடிக்காது. நல்லவேளை, இவர்கள் இரண்டு பேரும் செலவில் பாதிப் பாதி என்று ஒத்துக்கொண்டார்கள். நான் அன்றைக்கே எழுதி, அங்கேயே எதிரில் இருக்கிற ஆபீசில் முடித்திருப்பேன். கெட்டது எதனால் என்றால், அன்றைக்கு அஷ்டமி.

“அஷ்டமியில கையெழுத்தா?” என்றாள் பழனாயி. “நாளைக்கு நவமி. ஞாயித்துக்கிழமை நல்லா இருக்குது.”

“ஞாயித்துக்கிழமை ஆபீசு லீவுங்க.”

“திங்கக்கிழமை ஆடி பொறந்துருதே. ஆடியில எப்படி?” என்று பஞ்சாங்கத்தை என்னமோ நான் அச்சடித்த மாதிரி என்னைப் பார்த்தாள். “ஞாயித்துக்கிழமை சாவி கொடுத்தர்றேன். அலமாரி அடிக்கறதுன்னா அடிச்சுக்கட்டும். ஆவணி முதல் முகூர்த்தத்துல கையெழுத்து, அட்வான்சு எல்லாம். ஆடிக்கு வாடகையும் வேண்டாம்.”

வாடகை வேண்டாம் என்றதில் அய்யூப் குளிர்ந்துவிட்டார். தீபாவளிக்குள் கடை நிற்க வேண்டும், ஆடி மாசத்தில் தச்சு வேலையை முடித்துவிட்டால் ஆவணியில் சரக்கு இறக்கலாம் என்று அவருக்குக் கணக்கு. ஆனால் சாயிரா பானு என்னிடம் கேட்டாள்: “ஞாயித்துக்கிழமையே கையெழுத்து மட்டும் போட்டுக்கலாமுங்களா? பதிவு அப்பறம் பண்ணிக்கக் கூடாதா?”

சரியான கேள்வி. கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து நாலு மாசத்துக்குள் பதிவுக்குக் கொடுத்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை பழனாயி வீட்டில் உட்கார்ந்து எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டு, ஆவணியில் பதிவு செய்திருக்கலாம். எனக்கு நன்றாகத் தெரியும். அதைச் சொல்லி முடிப்பதற்கு முன்னால், அந்த ஞாயிற்றுக்கிழமை அவிநாசியில் என் சகலை மகள் கல்யாணம் என்பதும் நினைவுக்கு வந்தது.

“பண்ணலாம்மா” என்றேன். “ஆனா நான் ஞாயித்துக்கிழமை ஊர்ல இல்லை. ஒரு மாசம்தானே? அந்தம்மா பேச்சு மாற மாட்டாங்க.”

ஊருக்கெல்லாம் சொல்லுமாம் பல்லி, கழனிப் பானையில் விழுமாம் துள்ளி. எழுத்தில் இல்லாதது செல்லாது என்று ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்த நானே, வாய் வார்த்தைக்கு ஜாமீன் கொடுத்தேன். எதற்காக? பந்தியில் ஒரு இலைக்காக.

ஆடி இருபதுக்கு மேல் ஒரு நாள் மத்தியானம் அய்யூப் சைக்கிளில் வந்து இறங்கினார். மேல்மூச்சு வாங்கியது.

“கொஞ்சம் கடைக்கு வாங்க. அந்தம்மா புரோக்கர் ராசப்பனைக் கூட்டிட்டு வந்து கடையை அளக்கறாங்க.”

போனேன். நடுக்கடைக்குள் எட்டிப் பார்த்தேன். மூன்று சுவருக்கும் அலமாரி ஏறியிருந்தது. சைசுக்கு ஒரு தட்டு, ஒவ்வொரு தட்டிலும் அளவெழுதி ஒட்டிய சீட்டு. எழுபத்தைந்து, எண்பது, எண்பத்தைந்து என்று சாயிரா பானுவின் குண்டுக் கையெழுத்து. வார்னிஷ் வாசம் இன்னும் போகவில்லை. பழனாயி வாசலில் நின்றாள். ராசப்பன் டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

விஷயம் இதுதான். கோயமுத்தூர்ச் சாயக் கம்பெனி ஒன்று திருப்பூரில் டிப்போ போட இடம் தேடுகிறது. மாசம் நூற்றைம்பது தருகிறார்கள். ஆவணி பிறந்ததும் பத்திரம்.

“நான் என்ன பண்றது ரைட்டரு?” என்றாள் பழனாயி. அவள் என்னைத்தான் பார்த்தாள், சாயிரா பானுவைப் பார்க்கவில்லை. “சரியா ரெண்டு பங்கு. வேண்டாம்னு சொன்னா ஊட்டுல என்னைய என்னன்னு சொல்லுவாங்க? கையெழுத்து ஒண்ணும் ஆகலீல்ல?”

“ஆகலீங்க” என்றேன். சொல்லாமல் என்ன செய்வது?

“அட்வான்சும் வாங்கல.”

“வாங்கலீங்க.”

“வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம்னு ஒண்ணு இருக்குதாமே?” என்றார் அய்யூப் என் காதருகில்.

“கட்டி அஞ்சு வருசம் ஆகாத கட்டடத்துக்கு அது கிடையாதுங்க” என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது. சட்டத்தில் ஒதுங்க ஒரு மூலை விடாமல் நான் அந்தக் குடும்பத்தை நடுத்தெருவில் நிறுத்தியிருந்தேன்.

சாயிரா பானு அழவில்லை. முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

“அம்மா, ஆடியில கையெழுத்துப் போடக் கூடாதுன்னீங்க. எங்களுக்கு ஆடியும் இல்லை, அஷ்டமியும் இல்லை. உங்க வழக்கம்னு ஒத்துக்கிட்டோம். ஆடியில ஒரு குடும்பத்தைக் கடையை விட்டு எழுப்பலாமுங்களா? அது உங்க வழக்கத்துல இருக்குதா?”

பழனாயி அலமாரியை ஒரு தடவை பார்த்தாள். ஆடியில் குடி எழுப்புகிற பாவத்தை எந்தக் கவுண்டச்சியும் ஏற்க மாட்டாள்.

“ஆடி முடியற வரைக்கும் இருங்க” என்று சொல்லிவிட்டு ரோட்டில் இறங்கினாள். ராசப்பன் பின்னாலேயே போனான்.

“பத்து நாள் கெடச்சுது” என்றாள் சாயிரா பானு என்னிடம். கோபமில்லாமல்தான் சொன்னாள், அதுதான் சுட்டது. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்திவிட்டு ஆறுதலாகப் போயிருப்பேன்.

நாலு நாள் கழித்துப் பழனாயி தனியாக என் கொட்டகைக்கு வந்தாள். மடியிலிருந்து நாலாக மடித்த ஒரு டைப் அடித்த பேப்பரை எடுத்தாள்.

“சாயக் கம்பெனிக்காரங்க அனுப்பின நகல். இங்கிலீசுல இருக்குது. ராசப்பன் எல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்கறான். நீங்க படிச்சுச் சொல்லுங்க.”

ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பேப்பரைக் கையில் வாங்கியதும் எனக்கு ஒரு கெட்ட புத்தி வந்தது. அந்தம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. இரண்டு வரியைக் கூட்டிச் சொன்னால் போதும், பயந்து ஓடிவிடுவாள், என் தப்பும் மறைந்துவிடும். யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் பொய்யாகப் படித்துக் காட்டுகிறவனுக்கு என் தொழிலில் சோறு இறங்காது. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதையும் ஒரு தடவை படித்தேன். கூட்டிச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை என்று தெரிந்தது.

“வாடகை நூத்தம்பது. அது நிசம்” என்றேன். “அட்வான்சு ரெண்டு மாச வாடகை.”

“அவ்வளவுதானா? செரி, போகட்டும். அப்பறம்?”

“கெடு மூணு வருசம். அதுக்குள்ள நீங்க அவங்களை எழுப்பக் கூடாது.”

“அது பேசினதுதான். அவங்களும் போகக் கூடாதல்ல?”

“அப்படி இல்லீங்க. அவங்க ஒரு மாச நோட்டீசுல எப்ப வேணும்னாலும் போலாம். தெண்டம் கிடையாது.”

பழனாயி பேப்பரை எட்டிப் பார்த்தாள். இங்கிலீஷ் எழுத்தில் அந்த வரி எங்கே இருக்கிறதென்று விரலால் காட்டச் சொன்னாள். காட்டினேன்.

“மூணு வருசம் முடிஞ்சா?”

“அவங்களுக்குப் புடிச்சிருந்தா இன்னும் மூணு வருசம். அதுக்கு மேலயும் ஒரு மூணு. மொத்தம் ஒம்பது. புதுப்பிக்கறதா வேண்டாமாங்கறது அவங்க இஷ்டம், உங்க இஷ்டம் கிடையாது.”

“வாடகை?”

“இதே நூத்தம்பது. ஒம்பது வருசத்துக்கும். ஏத்தக் கூடாது.”

டீக்கடையில் யாரோ கிளாசைப் போட்டு உடைத்தார்கள். அந்தம்மாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“அப்ப அவங்க எந்திரிச்சுப் போலாம், நான் எழுப்ப முடியாது” என்று மெதுவாகச் சொன்னாள். “நாளைக்குக் காலைல போயிருவாங்களா, இருப்பாங்களான்னு ஒம்பது வருசம் நான் வாசலைப் பாத்துட்டு உக்காந்திருக்கோணும்.”

“ஆமாங்க.”

“அந்தப் புள்ள இப்ப உக்காந்திருக்கற மாதிரி.”

 பழனாயி அந்த வரியின் மேல் விரலை வைத்தபடி, “இப்பவும் பணம் ரெண்டு பங்குதான்ல?” என்றாள்.

“ரெண்டு பங்குதானுங்க. போடறதும் போடாததும் உங்க இஷ்டம். எனக்குப் படிச்சுச் சொல்றதுதான் வேலை.”

பேப்பரை வாங்கி மறுபடி நாலாக மடித்தாள். என்ன முடிவு என்று சொல்லாமலே போய்விட்டாள். எனக்குக் கூப்பிட்டுக் கேட்க வாய் துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டேன். வாழ்நாளில் நான் வாயை அடக்கிய சில சமயங்களில் அது ஒன்று.

ஆவணி முதல் முகூர்த்தம். ஆபீஸ் திறக்கிறதற்கு முன்னாலேயே அய்யூப்பும் சாயிரா பானுவும் கொட்டகையில் இருந்தார்கள். அட்வான்ஸ் பணம் ஒரு மஞ்சள் பையில். அவர் தொடையில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார். நான் ஆனியில் பேசினபடியே பத்திரத்தை எழுதி, கடைசிப் பக்கம் மட்டும் பாக்கியாக வைத்திருந்தேன். பத்து மணி ஆயிற்று. பத்தரை ஆயிற்று. வேலம்பாளையத்துப் பஸ் வந்து போயிற்று, அதில் அந்தம்மாள் இல்லை.

“வர மாட்டாங்க” என்றார் அய்யூப். “பழைய கம்பெனியில போய்க் கேட்டா மறுபடி எடுத்துக்குவாங்க. முதலாளி நல்லவரு.”

சாயிரா பானு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேள்வியே கேட்காத சாயிரா பானுவை அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்தக் கல்யாண விருந்து எனக்குத் தொண்டைக்குள் ஏறி வந்தது.

பதினொரு மணிக்கு ஒரு மாட்டு வண்டி வந்து நின்றது. பழனாயி இறங்கினாள். பஸ்ஸை விட்டுவிட்டாளாம், பருத்திக்கொட்டை ஏற்றி வந்த வண்டியில் தொற்றிக்கொண்டு வந்தாளாம். பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். யாருக்கும் எதையும் விளக்கவில்லை.

“படிங்க ரைட்டரு.”

படித்தேன். வாடகை, அட்வான்ஸ், ஆணி ஓட்டை, கரண்ட் பில், புதுப்பித்தல், எல்லாம். குடியிருப்பவர்கள் கெடுவுக்குள் காலி செய்தால் மூன்று மாச வாடகை பிடித்தம். சொந்தக்காரர் கெடுவுக்குள் எழுப்பினால் அட்வான்ஸ் முழுவதையும் தந்து, மேற்கொண்டு மூன்று மாச வாடகை தெண்டம்.

“நிறுத்துங்க” என்றாள் பழனாயி. “எனக்கு எழுதினதுல மூணை அடிச்சுப்போட்டு ஒரு வருச வாடகைன்னு எழுதுங்க.”

எனக்குப் புரியவில்லை. “உங்களுக்குத்தானுங்க தெண்டம். நீங்க கொடுக்க வேண்டியது.”

“தெரியுது.”

சாயிரா பானு தலையை நிமிர்த்தினாள். “வேண்டாமுங்க அம்மா. எங்களுக்கு எழுதினதே உங்களுக்கும் இருக்கட்டும். மூணு மாசம் போதும். நாங்க உங்க பேச்சை நம்பறோம்.”

“நீ நம்பு கண்ணு. நான் நம்பலை” என்றாள் பழனாயி. “நேத்து ராத்திரி வரைக்கும் நான் ரெண்டு பக்கமும் ஆடிட்டுத்தான் இருந்தேன். இன்னைக்கு உம்பக்கம் சாஞ்சிருக்கறேன். அடுத்த வருசம் எவனாச்சும் இருநூறு ரூவாயோட வந்து நின்னா, மூணு மாசத் தெண்டத்தைத் தூக்கிப் போட்டுட்டு உன்னைய வெளியில அனுப்பிருவேன். எனக்கு என்னையத் தெரியும். ஒரு வருசம்னு எழுதினாத்தான் இந்தக் கை வலிக்கும்.”

நான் மூன்று மாசத்தை அடித்து, ஒரு வருஷம் என்று மேலே எழுதினேன். அடித்தல் திருத்தலுக்குப் பக்கத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். அய்யூப் போட்டார். சாயிரா பானுவின் பெயரும் பத்திரத்தில் இருந்ததால் அவளும் போட்டாள். பிறகு அவளே மைப்பெட்டியைத் திறந்து, பழனாயி அம்மாளின் இடது கையைப் பிடித்து, கட்டை விரலில் மை நன்றாகப் பிடிக்கும்படி உருட்டிவிட்டாள். அந்தம்மாள் விரலை அழுத்தி வைத்தாள். ரேகை தெளிவாக விழுந்தது. நான்கு பேரும் எழுந்து ரோட்டைத் தாண்டி ஆபீசுக்குப் போனோம்.